சிலிண்டர் காசு ஒருமுறைதான்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்கிறேன். போன ஓணத்துக்கு முன்னால் சிவகாசியில் ஓர் அண்ணாச்சியிடம் 200 கிராம் பை 25,000 அடித்து வாங்கினேன். ஐந்து கலர், பை ஒன்று 4.20 ரூபாய், "எல்லாம் அடக்கம்" என்றார். இப்போது அதே பை 40,000 வேண்டும். அதே விலைதான் என்கிறார். வேறொருவர் 3.10-க்குத் தருவதாகச் சொல்கிறார். ஆனால் ஓண நெருக்கடியில் சொன்ன தேதிக்கு முன்பே சரக்கை அனுப்பி என்னைக் காப்பாற்றியவர் அண்ணாச்சி. அவர் மனம் கோணாமல் விலை குறைக்கச் சொல்லி எப்படி எழுதுவது?

பதில்: சகோதரி, கடிதத்துக்கு முன்னால் அண்ணாச்சிக்கு ஒரு போன் போடுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "போன தடவை சிலிண்டருக்கு எவ்வளவு ஆச்சு அண்ணாச்சி? அது பை விலையிலேயே சேர்ந்திருந்ததா?"

பையில் அச்சிட ஒவ்வொரு கலருக்கும் ஒரு சிலிண்டர் வேண்டும். இரும்பு உருளைமேல் செம்பு பூசி, உங்கள் டிசைனைச் செதுக்கி, மேலே குரோமியம் பூசுவார்கள். ஐந்து கலருக்கு ஐந்து. ஒருமுறை செய்துவிட்டால், டிசைன் மாறாதவரை திரும்பத் திரும்ப அதிலேயே அடிக்கலாம். அவர் சிலிண்டர் ஒன்று 6,000 என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஐந்துக்கு 30,000. அதை 25,000 பைக்குப் பங்கிட்டால் பைக்கு 1.20 ரூபாய். அதாவது நீங்கள் கொடுத்த 4.20-இல் பையின் விலை 3.00தான், மீதி சிலிண்டருக்குப் போனது. இரண்டாவது ஆர்டரில் அந்தச் செலவு இல்லை. நீங்கள் விலை குறைத்துக் கேட்பதற்கு நியாயம் இங்கேதான் இருக்கிறது. இதை வைத்துப் பேசும்போது அவருடைய லாபத்தில் நீங்கள் கை வைக்கவில்லை என்பது அவருக்கே தெரியும்.

அதற்காக முழு 1.20-ஐயும் குறைக்கச் சொல்லாதீர்கள். சிலிண்டர் செலவில் ஒரு பங்கை அவரே சுமந்திருக்கலாம், பை செய்யும் பிலிமின் விலையும் போன வருட விலையாக இருக்காது. 3.15 கேளுங்கள். 3.30-இல் முடிந்தால் நல்ல வியாபாரம். 40,000 பைக்கு 36,000 ரூபாய் மிச்சம்.

அந்த 3.10-காரர் விஷயம். அவர் உங்களுக்கு அடிக்க வேண்டுமானால் புது சிலிண்டர் செய்ய வேண்டும். ஓர் இடத்துச் சிலிண்டர் இன்னோர் இடத்து மெஷினுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. சிலிண்டர் காசு 3.10-க்குள் அடங்குமா, பிலிமின் கனம் எத்தனை மைக்ரான் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் எதுவாக இருந்தாலும் கடிதத்தில் அவர் பேச்சே வேண்டாம். "வேறு இடத்தில் குறைவாகத் தருகிறார்கள்" என்று எழுதினால், "அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல அண்ணாச்சிக்கு வழி திறந்துவிடுகிறீர்கள்.

விலையைக் குறைக்கக் கேட்டால் பதிலுக்கு அவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். அச்சு ஓடத் தொடங்கும்போது கலர்கள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை நிறையப் பிலிம் வீணாகும். 25,000 அடித்தாலும் 40,000 அடித்தாலும் அந்த வீண் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே மொத்தத்தையும் ஒரே ஓட்டத்தில் அடிக்கச் சொல்லுங்கள். அடித்து முடிக்கும்போது எண்ணிக்கை சரியாக 40,000-இல் நிற்காது. பத்து சதவீதம் கூடக்குறைய வந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்களே எழுதிவிட்டால் அவருக்குப் பெரிய நிம்மதி. பாதிப் பணம் முன்பணம். அப்புறம், ஓணக் கூட்டம் தொடங்குமுன் ஆர்டர், அவர் மெஷின் சும்மா இருக்கும் நாட்களில்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு, வணக்கம். போன ஓணத்துக்குச் சொன்ன தேதிக்கு முன்பே பை அனுப்பிவைத்தீர்கள். அதனால்தான் அந்த சீசனில் என்னால் கடைகளுக்குச் சொன்னபடி சரக்கு கொடுக்க முடிந்தது. அதை மறக்கவில்லை.

இந்த முறை அதே 200 கிராம் பை, அதே டிசைன், அதே பிலிம், அதே கனம், 40,000 வேண்டும். சிலிண்டர் நம்மிடம் தயாராக இருப்பதாலும் அளவு கூடியிருப்பதாலும் எல்லாம் அடக்கமாகப் பை ஒன்றுக்கு 3.15 ரூபாய் போட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். எண்ணெய் விலை ஏறியதில் எனக்குப் பையில்தான் கொஞ்சம் பிடிக்க முடிகிறது.

ஒரே ஓட்டத்தில் உங்களுக்கு வசதியான வாரத்தில் அடித்துக்கொள்ளலாம். பத்து சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் எடுத்துக்கொள்கிறேன். ஆர்டரோடு பாதிப் பணம், சரக்கு வந்ததும் மீதி. இந்த விலை உங்களுக்குக் கட்டாது என்றால் எவ்வளவு கட்டும் என்று சொல்லுங்கள், பேசிக்கொள்வோம். வருகிற வெள்ளிக்குள் ஒரு வார்த்தை சொன்னால் முன்பணம் அனுப்பிவிடுவேன்."

எண்ணெயைப் பற்றி ஒரே வரி போதும். சொந்தக் கஷ்டத்தை ஒரு பத்திக்கு நீட்டினால் வியாபாரிக்கு இரக்கம் வராது, "இந்தம்மா மீதிப் பணத்தை ஒழுங்காகத் தருமா" என்ற சந்தேகம்தான் வரும்.

"அதே பிலிம், அதே கனம்" என்ற சொற்களை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டிவிடாதீர்கள். நான் தேன் வியாபாரம் செய்த காலத்தில் அட்டைப் பெட்டிக்கு அடித்துப் பேசி விலை குறைத்தேன். பெட்டிக்காரர் சிரித்த முகத்தோடு ஒத்துக்கொண்டார். ஐந்தடுக்கு அட்டை மூன்றடுக்காக வந்தது. வடசேரி பேருந்து நிலையத்தில் ஒரு மழை நாள், பெட்டியின் அடி பிரிந்து பாட்டில்கள் உருண்டன. தப்பு என்னுடையது. பெட்டி எத்தனை அடுக்கு என்று எங்கேயும் எழுதி வாங்கவில்லை.

பையில் அது கண்ணுக்குக்கூடத் தெரியாது. பிலிம் கிலோக்கணக்கில் வாங்கும் பொருள், எனவே விலை குறையும்போது கனமும் சத்தமில்லாமல் குறையலாம். பிறகு சிப்ஸ் சீக்கிரம் நமத்துப்போகும், எண்ணெய் காறும், கடைக்காரர் திருப்பி அனுப்புவார். போன ஆர்டரில் மீந்த பைகளில் 100 எடுத்து இன்றைக்கே எடை போட்டு எழுதிவையுங்கள். அது 680 கிராம் இருந்து, புதுச் சரக்கில் 100 பை 600 கிராம் என்றால் கனம் குறைந்திருக்கிறது. பாக்கிப் பணம் கொடுக்குமுன், வெவ்வேறு கட்டிலிருந்து எடுத்து இந்த எடையைப் பார்த்துவிட வேண்டும்.

அவர் 4.20-இலிருந்து இறங்கவே மறுத்தால் கோபப்படாமல், "அப்படியானால் பில்லில் பை விலையையும் சிலிண்டரையும் பிரித்துப் போட்டுத் தாருங்கள் அண்ணாச்சி" என்று கேளுங்கள். பிரித்துப் போடும்போது இந்தத் தடவை சிலிண்டர் வரியில் எழுத அவரிடம் ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் அந்த இடத்தில் அவரே இறங்கிவருவார். 3.40 வரை வந்தால் ஒத்துக்கொண்டு, அடுத்த ஆர்டருக்கும் அதே விலை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அச்சு ஏறுமுன் இன்னொன்று. எம்.ஆர்.பி.யும் தேதியும் சிலிண்டரில் செதுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பழைய பையைப் பாருங்கள். இருந்தால், விலை மாறும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு கலர் சிலிண்டரைப் புதிதாகச் செய்ய வேண்டிவரும். அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லி, சீல் போடும்போது நீங்களே அச்சிட்டுக்கொள்ளுங்கள்.