எபேசியர் 5: பெண்ணிய வாசிப்பை எங்கிருந்து தொடங்குவது?

"இறையியல் வகுப்பில் எபேசியர் 5:21–33க்குப் பெண்ணிய வாசிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு என்னவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது, முறைதான் பிடிபடவில்லை. எதை முதலில் செய்ய வேண்டும்?"

மனைவியர் கணவருக்குக் கீழ்ப்படியவும் கணவர் மனைவியரிடம் அன்புகூரவும் சொல்லும் இந்தப் பகுதியின் எல்லையை மாற்றுவதுதான் முதல் வேலை. திருமண ஆராதனையில் வாசிப்பு 33ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. நிருபமோ அங்கே நிற்காமல் பிள்ளைகளுக்கும் தகப்பன்மாருக்கும், பிறகு அடிமைகளுக்கும் எஜமான்களுக்கும் அறிவுரை சொல்லி 6:9இல்தான் இந்தப் பகுதியை முடிக்கிறது. (உங்கள் கையிலுள்ள பழைய திருப்புதலில் "வேலைக்காரரே" என்றிருப்பது அடிமைகளை நோக்கிய அழைப்பு.) கணவன்–மனைவி, தந்தை–பிள்ளை, எஜமான்–அடிமை என்ற இதே மூன்று உறவுகளைக் கொண்டுதான் அரிஸ்டாட்டிலும் தமது 'அரசியல்' நூலின் தொடக்கத்தில் குடும்ப நிர்வாகத்தை விளக்குகிறார். மூன்றிலும் ஆளுகிறவர் ஒருவரே, அதாவது குடும்பத் தலைவர். ஆகவே நீங்கள் வாசிப்பது திருமணத்தைப் பற்றிய தனி உபதேசம் அன்று, அடிமை முறையையும் உள்ளடக்கிய ஒரு குடும்ப ஒழுங்கின் ஒரு பகுதி.

அடுத்து, பெண்ணிய வேதாகம அறிஞர் எலிசபெத் ஷூஸ்லர் ஃபியொரென்சா 1980களில் வகுத்துக் கொடுத்த 'சந்தேக வாசிப்பு'. சந்தேகம் என்றால் அவநம்பிக்கை அல்ல; இந்த வாக்கியங்கள் யாருடைய நிலையிலிருந்து பேசுகின்றன, அவற்றுக்காக யார் என்ன இழக்கிறார்கள் என்று கேட்பது. மனைவியருக்கு மூன்று வசனங்கள், கணவருக்கு அதைவிடப் பல மடங்கு. அதிகம் கேட்கப்படுவது கணவனிடம்தானே என்று பலரும் இங்கே திருப்தியடைந்துவிடுவார்கள். ஒப்புமையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். கணவன் கிறிஸ்துவின் இடத்திலும் மனைவி சபையின் இடத்திலும் நிற்கிறார்கள். 26, 27ஆம் வசனங்களில் சபை கழுவப்படுகிறது, கறை நீக்கப்படுகிறது, கிறிஸ்துவின்முன் நிறுத்தப்படுகிறது. அவள் எதையும் செய்வதில்லை, எல்லாம் அவளுக்குச் செய்யப்படுகின்றன. கணவனுக்குச் சொல்லப்பட்ட அன்பு அக்கால வழக்கத்தை உண்மையிலேயே மென்மையாக்குகிறது, அதை மறுக்க வேண்டாம். ஆனால் மனைவியின் கீழ்ப்படிதலுக்குக் கிறிஸ்துவே ஆதாரமாகக் காட்டப்படுவதால் அந்தப் படிநிலை முன்னைவிட உறுதியாகிறது. ஷூஸ்லர் ஃபியொரென்சாவின் வாதத்தின் கூர்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

"ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்ற 21ஆம் வசனம் முழுப் பகுதியையும் சமத்துவமாக்கிவிடுகிறது என்று எழுதத் தோன்றும். 24ஆம் வசனத்தின் "எந்தக் காரியத்திலேயும்" என்பதற்கு அந்த வாசிப்பு விடை சொல்ல வேண்டும். மனைவி கணவனுக்கு என்று சொன்னதைத் திருப்பி, கணவன் மனைவிக்குக் கீழ்ப்படியட்டும் என்று எந்த வசனமும் சொல்லவில்லை என்பதற்கும் விடை சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நினைவுகூர்தல், அதாவது கட்டளைக்குப் பின்னால் மறைந்துபோன பெண்களின் வாழ்க்கையைத் தேடுவது. கட்டளை இருப்பதாலேயே எல்லாரும் அப்படி வாழ்ந்தார்கள் என்று ஆகாது. பெரும்பாலும் அப்படி வாழாதவர்கள் இருந்ததால்தான் கட்டளை எழுதப்படுகிறது. இதற்கு நல்ல சான்று, இதே குடும்ப ஒழுங்கைத் தரும் கொலோசெயர் நிருபத்தின் 4:15. அங்கே நிம்பா என்பவரின் வீட்டில் கூடும் சபைக்கு வாழ்த்து சொல்லப்படுகிறது. கையெழுத்துப் படிகள் சில அதை ஆணின் வீடாகவும் சில பெண்ணின் வீடாகவும் காட்டுகின்றன. இன்றைய ஆய்வுப் பதிப்புகள் பெண்ணின் வீடு என்றே கொள்கின்றன. மனைவியர் கீழ்ப்படிய வேண்டும் என்ற நிருபமே ஒரு பெண்ணின் வீட்டுச் சபையை வாழ்த்தி முடிகிறது என்றால், அன்றைய சபைகளில் வேறு வாழ்க்கைகளும் நடந்துகொண்டிருந்தன. ஆனால் ஒரு பெயரிலிருந்து சமத்துவப் பொற்காலம் ஒன்றைக் கட்டிவிடாதீர்கள்; வீடுடைய பெண் அடிமைகளை உடையவளாகவும் இருந்திருக்கலாம்.

இந்த வசனங்களை இன்று எப்படி மதிப்பிடுவது என்று வரும்போது கறுப்பின வேதாகம அறிஞர் கிளாரிஸ் மார்ட்டின் 1991இல் வெளியிட்ட கட்டுரையின் கேள்வி உங்களுக்கு உதவும். அமெரிக்கக் கறுப்பினச் சபைகள் அடிமைகளுக்கான வசனங்களைக் கடவுளின் நிரந்தரச் சித்தம் அல்லவென்று மறுத்தன. அதே பட்டியலில் உள்ள மனைவியருக்கான வசனங்களை மட்டும் ஏன் அப்படியே வைத்துக்கொண்டன என்று அவர் கேட்டார். எல்லையை 6:9 வரை நீட்டச் சொன்னதன் காரணம் இதுதான். 33இல் நிறுத்தினால் இந்தக் கேள்வியே எழாது.

மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி காணும் ஒரு தவறு: ஆணாதிக்கமெல்லாம் யூத மதத்திலிருந்து வந்தது, இயேசு அதை உடைத்தார் என்று எழுதுவது. யூதப் பெண்ணியரான ஜூடித் பிளாஸ்கோ 1970களிலேயே இதைக் கண்டித்தார். இந்தப் பகுதியில் அது வரலாற்றுக்கும் பொருந்தாது. இந்தக் குடும்ப ஒழுங்கின் சட்டகம் கிரேக்க–ரோம உலகம் முழுவதும் பரவியிருந்த ஒன்று.

கடைசியாக, எதைச் சபையில் இன்று வாசித்து அறிவிக்கலாம் என்று கேட்கும் 'அறிவிப்பு' என்ற படியில் இன்றைய வழிபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்க வாசக நூலில் இந்தப் பகுதிக்கு ஒரு குறுகிய வடிவமும் உண்டு. அதில் 21–24 விடப்பட்டு வாசிப்பு 25இலிருந்து தொடர்கிறது. "கீழ்ப்படியுங்கள்" போய்விட்டது, கழுவுகிறவனாகக் கணவனும் கழுவப்படுகிறவளாக மனைவியும் அப்படியே இருக்கிறார்கள். உங்கள் கட்டுரை இந்தக் குறுகிய வடிவத்தை ஏற்கிறதா, மறுக்கிறதா என்று காரணத்தோடு எழுதினால், முறை உங்களுக்குப் பிடிபட்டதா என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.