மஞ்சள் வந்தாலே ஆரியஸ் ஆகிவிடாது

“மானிட்டால் சால்ட் அகாரில் மஞ்சள் வந்தது, ஆனால் கோயாகுலேஸ் நெகட்டிவ். இது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸா? எதை நம்புவது?”

பிளாஸ்மாவை உறையவைக்கும் நொதியான கோயாகுலேஸை நம்புங்கள், ஆனால் குழாய் முறையில் செய்து சரியான நேரத்தில் பார்த்திருந்தால் மட்டும்.

அந்த அகாரில் உள்ள 7.5% உப்பு மற்ற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றை வளரவிடாது, ஸ்டெஃபைலோகாக்கஸ் தாங்கிக்கொள்ளும். மானிட்டாலை நொதிக்கவைத்து அமிலம் உண்டாக்கினால் அகாரில் உள்ள ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி மஞ்சளாகிறது, அவ்வளவுதான். இதைச் செய்வது ஆரியஸ் மட்டுமல்ல. இளம்பெண் ஒருவரின் சிறுநீர் மாதிரியில் மஞ்சள் வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ் சாப்ரோஃபைட்டிகஸைத்தான், அதன் பல வகைகள் மானிட்டாலை நொதிக்கும், கோயாகுலேஸ் மட்டும் இருக்காது.

சரி, குழாய்ச் சோதனைக்கு வருவோம். காலனியை உப்பு அகாரிலிருந்து எடுக்காதீர்கள், ரத்த அகாரிலோ நியூட்ரியன்ட் அகாரிலோ மறுபடி வளர்த்து எடுங்கள். ஈடிடிஏ கலந்த முயல் பிளாஸ்மா 0.5 மி.லி.யில் அதைக் கலந்து 37 டிகிரியில் வைத்து, 4 மணி நேரம் வரை அவ்வப்போது குழாயை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், குலுக்க வேண்டாம். சின்னக் கட்டி தெரிந்தாலும் பாசிட்டிவ்தான்.

பலர் தவறுவது இங்கேதான்: மாலையில் வைத்துவிட்டு மறுநாள் காலையில்தான் பார்ப்பார்கள். சில ஆரியஸ் வகைகள் ஸ்டெஃபைலோகைனேஸ் என்ற நொதியைச் சுரந்து, உறைந்த கட்டியை இரவுக்குள் கரைத்துவிடும், காலையில் அது நெகட்டிவ் போலவே தெரியும். 4 மணி நேரத்தில் உறையவில்லையென்றால் அப்புறம் அறை வெப்பநிலையில் 24 மணி நேரம் வரை வைத்துப் பாருங்கள், தாமதமாக உறைபவையும் உண்டு. இரண்டு முறையும் உறையாவிட்டால், மஞ்சளாக இருந்தாலும் ஆரியஸ் என்று எழுதாதீர்கள்.