இரவில் மணிக்கூட்டுச் சத்தமும் கணவரின் மூச்சும்

கேள்வி: இரவில் மணிக்கூட்டின் டிக் டிக் சத்தமும் கணவர் மூச்சுவிடும் சத்தமும் கேட்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. காதில் பஞ்சு வைத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: எனக்கும் இதே தொல்லை இருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு ஓட்டுக்கூரையும் சீமெந்துத் தரையும் கொண்ட பழைய வீடு. இரவு பத்து மணிக்குப் பின் ஒழுங்கையில் நாய் குரைத்தால்தான் ஏதாவது கேட்கும். அந்த அமைதிதான் என் தொல்லைக்குக் காரணம் என்று விளங்க எனக்கு நெடுநாள் எடுத்தது. ஒரு சத்தம் எவ்வளவு பெரியது என்பதைவிட, சுற்றியுள்ள அமைதியிலிருந்து அது எவ்வளவு துருத்தித் தெரிகிறது என்பதே நம்மை உறுத்துகிறது. அதே மணிக்கூடு பகலிலும் அதே அளவில்தான் ஓடுகிறது.

பஞ்சு ஒலியை மிகக் குறைவாகவே தடுக்கும். நுரையாலான காதடைப்பான் நன்றாகத் தடுக்கும். ஆனால் அதை அணிந்தபோது என் நாடித்துடிப்பே எனக்குக் கேட்கத் தொடங்கியது.

மணிக்கூடு எளிதான பகுதி. அது பலகைத் தடுப்பில் தொங்கியதால், பலகையும் சேர்ந்து அதிர்ந்து சத்தத்தைப் பெருக்கியது. அதை விறாந்தைக்கு மாற்றினேன். அறையில் வேண்டுமானால் மடித்த துவாயின் மேல் வையுங்கள். அல்லது நொடிமுள் துள்ளாமல் வழுக்கி ஓடும் வகையை வாங்குங்கள்.

மூச்சை அப்படி வெளியே மாற்ற முடியாதே. சத்தத்தைவிட, அடுத்த மூச்சு எப்போது வரும் என்று காத்துக் கிடந்ததுதான் என்னை வாட்டியது. ஆகவே ஒரே சீராக இரையும் மேசை மின்விசிறியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, என் தலைமாட்டுக்கு அருகில் வைத்தேன். கணவரின் பக்கத்தில் வைத்தால் அதே பயனுக்குக் கூடுதல் சத்தம் தேவைப்படும். முதலில் மூச்சு முற்றாக மறையும் அளவுக்கு வேகத்தைக் கூட்டியது என் பிழை: அந்த இரைச்சலே உறக்கத்தைக் கெடுத்தது, மின்சாரம் நின்ற இரவில் திடீர் அமைதி என்னை எழுப்பியும் விட்டது. இப்போது மூச்சு மங்கலாகக் கேட்கும் அளவிலேயே விடுகிறேன். மின்தடைக்கென்று கைபேசியில் மழைச் சத்தம் வைத்திருக்கிறேன்; அதில் இடி இருக்கக்கூடாது, பதிவு மீண்டும் தொடங்கும் இடமும் தெரியக்கூடாது, ஏனெனில் காது அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடும்.

கணவர் பலமாகக் குறட்டை விட்டு, சில நொடிகள் மூச்சு நின்று, பின் திணறி மூச்செடுத்தால், அதை மறைக்க முயலாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அது உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம். பகலிலும் பிறர் மெல்லும் சத்தம் உங்களுக்குக் கடுங்கோபம் மூட்டுமானால் அது மிசோஃபோனியா எனப்படும் நிலையாக இருக்கக்கூடும். அதற்கு மின்விசிறி மட்டும் போதாது. உளவள ஆலோசகர் ஒருவரைச் சந்திப்பது நல்லது.