78 வயதோடு கணக்கை முடிக்கலாமா?

கேள்வி: போன மாதம் திருக்கடையூரில் எங்களுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. மன்னார்குடியில் தனியார் நிறுவனத்தில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன், பென்ஷன் கிடையாது. பி.எஃப்., கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்த்து 48 லட்சம் இருக்கிறது. சொந்த வீடு. மாதம் 25,000 ரூபாய் செலவு. மனைவிக்கு 56 வயது. ஒன்பது மா, அதாவது சுமார் மூன்று ஏக்கர், நஞ்சையைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன்; வருஷத்துக்கு 45,000 ரூபாய் மதிப்புக்கு நெல் வரும், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சராசரி ஆயுள் 70 என்கிறார்கள், அப்பாவும் 74-ல் போய்விட்டார். நான் தாராளமாகவே 78 வரை போட்டுப் பார்த்தேன், பணம் சரியாக வருகிறது. மாமியாருக்கு 91 ஆகிறது என்று மனைவி மட்டும் பயப்படுகிறாள். என் கணக்கில் என்ன தப்பு?

பதில்: கூட்டல் கழித்தலில் தப்பு இல்லை. வட்டி 7.5 சதவீதம், விலைவாசி ஏற்றம் 6 சதவீதம் என்று வைத்து நானும் போட்டுப் பார்த்தேன். உங்கள் 48 லட்சம் சரியாகப் பதினெட்டு வருஷம் வருகிறது. தப்பு அந்த 70 என்ற எண்ணை நீங்கள் படித்த விதத்தில் இருக்கிறது.

இந்தியாவின் எதிர்பார்ப்பு ஆயுள் 70 என்பது தலைமைப் பதிவாளர் அலுவலகம் மாதிரிப் பதிவு முறையில் 2016-20 காலத்துக்குப் போட்ட ஆயுள் அட்டவணையிலிருந்து வருவது. அது பிறந்த குழந்தைக்கான எண். குழந்தையாக இறந்தவர்கள், இருபது வயதில் பைக்கில் போய் விழுந்தவர்கள், நாற்பதில் மாரடைப்பு வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறார்கள். நீங்கள் அதையெல்லாம் தாண்டி வந்துவிட்டீர்கள். அதே அட்டவணையில் 60 வயதுக்கு எதிரே உள்ள வரியைப் பார்த்தால், இன்னும் சுமார் 18 வருஷம் என்று இருக்கும். உங்கள் அப்பா பிறந்த காலத்தை யோசியுங்கள். 1941-51 கணக்கில் நாட்டின் எதிர்பார்ப்பு ஆயுள் 32. அதற்காக அன்றைக்கு ஊரில் எல்லோரும் 32 வயதில் போய்விடவில்லை. திண்ணையில் தொண்ணூறு வயதுப் பாட்டிகள் அப்போதும் உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, 60-ஓடு 18-ஐக் கூட்டினால் 78, நானும் அதைத்தானே போட்டேன் என்பீர்கள். அட்டவணையைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். ஒரு லட்சம் பேர் பிறந்ததாகத் தொடங்கி, ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் மிச்சம் என்று இறங்கிக்கொண்டே போவதுதான் ஆயுள் அட்டவணை. கணக்கு புரிவதற்காக முழு எண்ணில் ஒரு மாதிரி எடுத்துக்கொள்கிறேன். ஒரு லட்சம் ஆண்களில் 60 வயதில் 75,000 பேர், 78-ல் 36,000 பேர், 90-ல் 7,500 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்களுக்கு மேல்வரியிலிருக்கும் ஒரு லட்சம் வேண்டாம், 75,000-தான் உங்கள் ஆரம்பம். 36,000-ஐ அதால் வகுத்தால் 48 சதவீதம். அதாவது உங்களைப் போன்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 78-ல் உயிரோடு இருப்பார்கள். பாதி வாய்ப்பில் காலியாகப் போகும் திட்டத்தைத்தான் ‘தாராளமாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். 90-ஐத் தொடுவது பத்தில் ஒருவர்.

அடுத்தது உங்கள் மனைவியின் பக்கம். மாதிரி அட்டவணையில் 56 வயதில் 85,000 பெண்கள், 90 வயதில் 13,600 பேர் என்று வையுங்கள்; 16 சதவீதம். நீங்கள் 90-ஐத் தொடாமல் போக வாய்ப்பு 90 சதவீதம், அவர் தொடாமல் போக 84 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 75.6. மீதி 24 சதவீதம், அதாவது நான்கு தம்பதிகளில் ஒரு தம்பதியில் யாராவது ஒருவர் தொண்ணூறைப் பார்த்துவிடுகிறார். பெரும்பாலும் அது மனைவியாக இருக்கும். உங்கள் கணக்கு முடிகிற நாளில் அவருக்கு 74 வயதுதான். மாமியார் வயதை வைத்து அவர் பயப்படுவது, நீங்கள் அப்பா வயதை வைத்துத் தைரியமாக இருப்பதைவிட நியாயமானது.

இன்னொன்று. இந்த அட்டவணைகள் இன்றைய இறப்பு விகிதத்தை அப்படியே நீட்டிப் போட்டவை. உங்களுக்கு 85 ஆகும்போது இருக்கப்போகும் மருத்துவம் அதில் இல்லை. வாடகை இல்லாத வீடு, ஒழுங்கான சாப்பாடு, பக்கத்தில் ஆஸ்பத்திரி என்று இருப்பவர்கள் எப்படியும் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருப்பார்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆயுள் காப்பீட்டுக்கு அவை பார்க்கும் அட்டவணை வேறு (2012-14), ஆயுள் முழுக்க மாதப் பணம் தரும் ஆன்யூட்டிக்குப் பார்க்கும் அட்டவணை வேறு (2012-15). ஆன்யூட்டி வாங்க வருபவர்கள் தாங்கள் நெடுநாள் இருப்போம் என்று நம்பி வருபவர்கள்; பெரும்பாலும் இருந்தும் விடுகிறார்கள்.

பணம் தீர்ந்துபோவதில் ஒரு கண்ணாமூச்சி உண்டு, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கணக்குப்படியே போனால் முதல் மூன்று வருஷமும் இருப்பு குறையாது, 48 லட்சத்துக்கு மேல் கொஞ்சம் ஏறவே செய்யும். 70 வயதில் பாஸ்புக்கில் 41 லட்சம் இருக்கும். பத்து வருஷத்தில் ஏழு லட்சம்தானே குறைந்திருக்கிறது என்று நிம்மதியாகத் தோன்றும். ஆனால் அப்போது மாதச் செலவு 45,000-ஐத் தொட்டிருக்கும். வருஷத்துக்கு ஐந்தரை லட்சம் போகும், வட்டி மூன்று லட்சம்தான் வரும். அடுத்த எட்டே வருஷத்தில் சுத்தமாகத் துடைத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். வருஷா வருஷம் ஆடிப்பெருக்கன்று, கையில் உள்ள இருப்பை அந்த வருஷச் செலவால் வகுத்துப் பாருங்கள். வட்டியும் விலைவாசியும் கிட்டத்தட்டச் சேர்ந்து ஓடுவதால், வரும் எண் ஏறக்குறைய மிச்சமிருக்கும் வருஷங்கள். இன்று 48-ஐ 3-ஆல் வகுத்தால் 16. எழுபதில் 41-ஐ 5.4-ஆல் வகுத்தால் ஏழரை. உங்கள் மனைவி 92 ஆகும்வரை இன்னும் எத்தனை வருஷம் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள்; இன்றைக்கு அது 36. இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் உங்கள் பிரச்சினை.

அந்த 36 வருஷத்துக்கும் 25,000 ரூபாய்ச் செலவு ஓட வேண்டுமானால், இதே வட்டியில் 85 லட்சம் வேண்டும். கையில் இருப்பதை வைத்தே ஓட்டினால் மாதம் 14,000-தான் எடுக்கலாம். இரண்டும் நடக்கிற காரியம் இல்லை. அதனால் இடைவெளியைத் துண்டு துண்டாக அடைப்போம்.

முதலில், ஒதுக்கி வைத்த குத்தகை நெல்லை உள்ளே கொண்டுவாருங்கள். அது சின்னத் தொகை என்று பார்க்காதீர்கள். அரசுக் கொள்முதல் விலை ஏறும்போது கூடவே ஏறும் வருமானம் உங்களிடம் அது ஒன்றுதான். குத்தகையை ரூபாயாக மாற்றிப் பேச வேண்டாம், மூட்டைக் கணக்கிலேயே இருக்கட்டும். மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருஷமும், சம்பா கதிர் வந்தபின் மழையில் மூழ்கும் வருஷமும் வரும் என்பதால் ஒரு வருஷச் செலவைத் தனியாக வங்கியில் வைத்திருங்கள்.

அடுத்து, கணக்குத் தெரிந்தவருக்கு அறுபதில் முழு ஓய்வு எதற்கு? கடைத்தெருவில் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய ஆள் தேடும் நாலைந்து கடைகளைப் பிடித்து, 65 வரை மாதம் 15,000 சம்பாதித்தால் போதும். குத்தகை நெல்லும் சேர்ந்தால், சேமிப்பிலிருந்து வருஷத்துக்கு 75,000 மட்டும் எடுத்தால் ஆகிவிடும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். மனைவியைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்தால் உங்களுக்குப் பின் அவர் அதைத் தொடரலாம். மீதியில் ஒரு பங்கை, மொத்தத்தில் கால் பாகத்துக்கு மேல் போகாமல், பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் வையுங்கள். உத்தரவாதம் கிடையாது, ஆனால் மொத்தத்துக்கும் சராசரியாக 8.5 சதவீதம் கிடைத்தால், குத்தகையும் ஐந்து வருஷ வேலையும் சேர்ந்து, பணம் உங்களுக்குத் தொண்ணூறு வயதுவரை வருகிறது. அப்போது மனைவிக்கு 86. வட்டி 7.5-லேயே நின்றால் உங்கள் 86-ஓடு முடிந்துவிடும்.

மிச்ச வருஷங்களுக்குத்தான் ஆன்யூட்டி. இப்போது வாங்காதீர்கள், எழுபதுக்குப் பக்கத்தில் பார்க்கலாம். வயது ஏற ஏற அதே பணத்துக்கு மாதத் தொகை கூடும். வாங்கும்போது இருவர் ஆயுளுக்கும், உங்களுக்குப் பின் மனைவிக்கும் முழுத் தொகை வருவதாக இருக்க வேண்டும். ‘இறந்த பின் போட்ட பணம் வாரிசுக்குத் திரும்பும்’ என்ற வகையைத்தான் முகவர் முதலில் காட்டுவார். நம் ஆட்களுக்கு அதில்தான் மனசு போகும். ஆனால் முன்னாலே போகிறவர் விட்டுச்செல்லும் பணம் பின்னால் இருப்பவருக்குச் சேர்வதால்தான் ஆன்யூட்டி வங்கி வட்டியைவிட அதிகம் தர முடிகிறது. பணத்தைத் திரும்பக் கேட்டால் அந்த ஆதாயம் போய்விடும், கிடைப்பது ஏறக்குறைய வட்டி மட்டுமே. தொகை வருஷா வருஷம் ஏறாது என்பதால் எல்லாவற்றையும் இதில் கொட்டவும் கூடாது. அன்றைய இருப்பில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

கடைசி அரண் நிலம். வலங்கைமான் பக்கம் என் பெரியத்தை 94 வரை இருந்தார். எண்பதுக்குப் பின் நகைகளை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டார்; பெயரில் நிலம் இருந்தும் விற்க முடியவில்லை. பட்டா இறந்துபோன கொழுந்தனோடு கூட்டாக இருந்தது, குத்தகைதாரர் இறங்கவில்லை, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகவும் உடம்பில் தெம்பில்லை. உங்கள் ஒன்பது மாவுக்குத் தனிப் பட்டா இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்தே இருக்கிறது, வாய்ப்பேச்சில் விட்ட நிலத்தை எண்பது வயதில் மீட்பது சுலபம் இல்லை. எழுத்தில் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். மனைவிக்கு எழுதவேண்டியதை உயிலாக எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு இப்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்க யாராவது சொன்னால், மனைவிக்குத் தொண்ணூறு ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.