அமுக்கராவும் இரவு லேகியமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அமுக்கராவை ஒரு தேக்கரண்டி என்கிறார்கள். மாத்திரை டப்பாவிலோ 300 மில்லிகிராம் என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் வெவ்வேறு பொருள்கள். வெறும் கிழங்குப் பொடிக்கு ஆயுர்வேத மருந்து நூல் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம். மாத்திரையில் இருப்பது சத்தைச் செறிவாக்கி எடுத்த சாறு என்பதால் அதன் எடை குறைவு. ‘அமுக்கரா சூரணம்’ மூன்றாவது வகை. மரபான செய்முறையில் கிராம்பு ஒரு பங்கில் தொடங்கி ஒவ்வொரு சரக்கும் இரட்டிப்பாகி, அமுக்கரா 64 பங்கிலும் சர்க்கரை அதற்கு இருமடங்கிலும் முடிவதால், 4 கிராம் சூரணத்தில் கிழங்கு ஒரு கிராம் அளவே இருக்கும், பாதி சர்க்கரை. நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. கையிலிருப்பது எந்த வகை என்று தெரியாமல் கரண்டிக் கணக்குப் பார்ப்பதில் பொருளில்லை.

68 வயதான என் தந்தை, அமுக்கரா லேகியம் என்று சிட்டையில்லாத டப்பாவில் விற்கும் கறுப்பு லேகியத்தைக் கோலிக்குண்டு அளவு சாப்பிட்டு இருபதே நிமிடத்தில் தூங்கிவிடுகிறார். இரண்டு மாதத்திற்குப் பின் நிறுத்தினால் கை நடுங்குகிறது, தூக்கமே இல்லை. ஏன்?

அமுக்கரா முதல் இரவிலேயே ஆளைச் சாய்க்கும் சரக்கன்று. ஆய்வுகளில் அதன் பலன் தெரியவே சில வாரங்கள் ஆயின. உடனே கண்ணைச் சொருகுவது, காலையில் தள்ளாட்டம், நிறுத்தியதும் நடுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அல்பிரசோலம், டயசிபாம் போன்ற தூக்க மாத்திரை கலந்திருக்குமோ என்றே நான் முதலில் ஐயுறுவேன். கால் மில்லிகிராமே வேலை செய்யும் மருந்து வெல்லப்பாகில் நாவுக்குத் தெரியாது. அவ்வாறு கலந்திருந்தால், பழகிய உடலில் சட்டென்று நிறுத்துவது வலிப்பு வரை கொண்டுபோகக்கூடும். ஆகவே டப்பாவை எறியாமல் இன்றே மருத்துவரிடம் கொண்டுசென்று, சாப்பிட்ட நாட்களையும் அளவையும் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை இவ்வகை மருந்துகளைப் பெரும்பாலும் காட்டிவிடும், அளவைப் படிப்படியாகக் குறைக்கும் வழியை அவரே வகுப்பார். குழப்பமோ வலிப்போ கண்டால் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஏற்கெனவே மருத்துவர் தந்த தூக்க மாத்திரையோ மதுப்பழக்கமோ இருந்தால், இதனுடன் சேர்ந்து மூச்சையே மந்தமாக்கும்.

சிட்டையில் என்ன பார்க்க வேண்டும்?

உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், ஒவ்வொரு சரக்கின் பெயரும் அளவும். ஊமத்தை, கஞ்சா, அபின் போன்றவை சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சட்டப்படியே சேர்க்கப்படலாம். ஆனால் உள்ளே கொடுக்கும் அத்தகைய மருந்தின் மேல் மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். ‘பரம்பரை ரகசியம்’ என்று கடைக்காரர் சொன்னால் காசைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். அமுக்கரா எடுக்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம், அது தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும். கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க வேண்டும். யாருக்காயினும் கண் மஞ்சளானாலோ சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ அன்றே நிறுத்திக் கல்லீரல் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். அமுக்கராவால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.