வரச் சொன்னாள், வரச் சொல்வாள்

வணக்கம். ஸ்பானிஷ் வகுப்பில் இரண்டாம் வருடம். "அம்மா என்னை ரொட்டி வாங்கச் சொல்லி ஆசைப்பட்டாள்" என்பது மாதிரி ஒரு வாக்கியத்துக்கு "மி மாத்ரே கெரீயா கே கொம்ப்ரே பான்" என்று எழுதினேன். ஆசிரியர் கொம்ப்ரே-யை அடித்துவிட்டு கொம்ப்ராரா என்று போட்டார். ஆனால் அதே வாரம் ஒரு பேட்டியில், "எல் மேதிகோ மே திஹோ கே நோ கோமா சால்" (டாக்டர் உப்பு சாப்பிடாதே என்றார்) என்று ஒருவர் சொல்வதைக் கேட்டேன். அங்கேயும் முதல் வினை இறந்தகாலம்தானே? எனக்கு மட்டும் ஏன் தப்பு?
— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆசிரியர் சொன்னது சரி, பேட்டியில் கேட்டதும் சரி.

முதலில் நம் காது எங்கே ஏமாறுகிறது என்று பார்ப்போம். வரச் சொல்கிறாள், வரச் சொன்னாள், வரச் சொல்வாள். மூன்றிலும் 'வர' அசையவே இல்லை. காலத்தைச் சுமப்பது கடைசி வினை மட்டும்தான். ஸ்பானிஷில் நம் 'என்று' போல இணைக்கும் கே-க்குப் பின்னால், ஆசை, கட்டளை போன்றவற்றுக்கு வரும் சப்ஜங்க்டிவ் என்ற வினை வடிவமும் காலம் காட்டியாக வேண்டும், அதுவும் முதல் வினையைப் பார்த்து. கியெரே (விரும்புகிறாள்) என்றால் கொம்ப்ரே. கெரீயா (விரும்பினாள்) என்றால் கொம்ப்ராரா. தமிழில் யோசித்து எழுதும்போது 'வாங்க' என்ற ஒரே வடிவம் மனதில் நிற்பதால் இரண்டு இடத்திலும் கொம்ப்ரே விழுந்துவிடுகிறது, எனக்கும் வருஷக்கணக்கில் விழுந்திருக்கிறது.

அந்த இறந்தகால சப்ஜங்க்டிவைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். 'அவர்கள் வாங்கினார்கள்' என்பதற்கான கொம்ப்ராரோன்-ஐ எடுங்கள், கடைசி ரோன்-ஐ வெட்டி ரா ஒட்டுங்கள், கொம்ப்ராரா. கொமியேரோன் (சாப்பிட்டார்கள்) கொமியேரா ஆகும், பினியேரோன் (வந்தார்கள்) பினியேரா ஆகும். ஒழுங்கற்ற வினைகளும் இதே வழியில் வந்துவிடும், அந்த 'ஆர்கள்' வடிவம் சரியாகத் தெரிந்திருந்தால் போதும்.

இப்போது டாக்டருக்கு வருவோம். டாக்டர் சொன்னது போன வாரம், ஆனால் உப்புக் கட்டுப்பாடு இன்றும் நடப்பில் இருக்கிறது, நாளைக்கும் இருக்கும். 'திஹோ' போல சொல்வது, கட்டளையிடுவது, கேட்டுக்கொள்வது பற்றிய வினைகளுக்குப் பின்னால், அந்தக் கட்டளை பேசும் நேரத்திலும் உயிரோடு இருந்தால் நிகழ்கால சப்ஜங்க்டிவ் வரலாம், அதனால்தான் கோமா. அங்கே கொமியேரா போட்டாலும் தப்பில்லை. ஆனால் கொமியேரா சொன்னால் கட்டுப்பாடு இன்னும் இருக்கிறதா, முடிந்துபோனதா என்பது வாக்கியத்திலிருந்து தெரியாது, கோமா சொன்னால் இன்னும் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அம்மா வாக்கியத்தில் அப்படி இன்றைக்கும் தொடரும் கட்டளை எதுவும் இல்லை. கெரீயா அன்றைய ஆசையை அன்றைக்கே வைத்துப் பேசுகிறது, ரொட்டியும் அன்றைய ரொட்டி. ஆகவே கொம்ப்ராரா. முதல் வினை இறந்தகாலத்தில் இருந்து, எழுதும்போது சந்தேகம் வந்தால் 'சொன்னபடி செய்ய வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறதா?' என்று கேளுங்கள். பாக்கி இருந்து, முதல் வினை சொல்வதைப் பற்றியதாகவும் இருந்தால் மட்டும் நிகழ்காலம். மற்றபடி ரா வடிவம் போட்டால் எங்கும் அடி வாங்காது.

சரி, அடுத்து நீங்கள் தடுக்கி விழப்போகும் இடம் ஒன்று இருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். "மே குஸ்தரீயா கே பினியேராஸ் மஞ்ஞானா", நீ நாளைக்கு வந்தால் நன்றாக இருக்கும். பேச்சு நாளையைப் பற்றி, ஆனால் பினியேராஸ் இறந்தகால சப்ஜங்க்டிவ். நாளைக்கு என்று பார்த்து அதன் நிகழ்கால வடிவமான பெங்காஸ் போட்டுவிடாதீர்கள். குஸ்தரீயா மாதிரி '-ரீயா'வில் முடியும் வினை நிஜத்தில் எந்தக் காலத்தைச் சுட்டினாலும், எழுத்துத் தரத்தில் பின்னால் வருவது இறந்தகால வடிவம்தான். இது விசித்திரமாகப் பட்டால் 'வந்தால்' என்ற நம் சொல்லையே பிரித்துப் பாருங்கள். 'வந்தான்', 'வந்தது' என்பதில் இருக்கும் அதே 'வந்த்'தான் அதன் அடி. நாளைக்கு நடக்கப்போவதை இறந்தகால அடியில் கட்டுவது நாம் தினமும் செய்கிற வேலை. எனக்கு இந்த இடம் வசப்பட்டது இதை நினைத்தபோதுதான்.

அப்புறம் ஒன்று. குஸ்கோவில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மா ஒரு காலையில், "அயேர் கெரீயா கே கோமாஸ் கோன் நொசோத்ரோஸ்" என்றார், 'நேற்று நீ எங்களோடு சாப்பிடணும்னு இருந்தேன்' என்று. நேற்று முடிந்துபோன ஆசை, ஆனாலும் கோமாஸ். பெரு, பொலிவியா, ஈக்வடார் மலைப்பகுதிகளில் இது சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு, அங்கே யாரும் அதைத் திருத்த மாட்டார்கள். ஆகவே உங்கள் கொம்ப்ரே ஊர் இல்லாத வாக்கியம் இல்லை. ஆனால் நீங்கள் படிப்பது பொது எழுத்து ஸ்பானிஷ் என்றால், தேர்வுத்தாளில் கொம்ப்ராரா என்றே எழுதுங்கள்.