எஸ்கலேட்டர் மோட்டாரின் 11 கிலோவாட்டும் ஏசியின் தலையில் விழுமா?

ஏசி வடிவமைப்பாளர், அம்பத்தூர்: பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு வணிக வளாகம். ஏற மூன்று, இறங்க மூன்று என ஆறு எஸ்கலேட்டர்கள். ஒரு மீட்டர் அகலப் படி, நொடிக்கு அரை மீட்டர் வேகம், தளத்துக்குத் தளம் 5.5 மீட்டர் உயரம், ஒவ்வொன்றுக்கும் 11 கிலோவாட் மோட்டார். 66 கிலோவாட்டையும் வெப்பச் சுமையில் சேர்த்தேன், 19 டன் வருகிறது. உரிமையாளர் மலைக்கிறார். குறைக்கலாமா?

தாராளமாகக் குறைக்கலாம். 11 என்பது மோட்டாரின் தகட்டில் உள்ள எண். அது தாங்கக்கூடிய எடையைச் சொல்கிறதே தவிர, அன்றாடம் வெளியிடும் வெப்பத்தை அல்ல. அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஐரோப்பியத் தரவிதியில் இந்த அகலத்துக்கு பிரேக் கணக்குக்காகப் படிக்கு 120 கிலோ என்று எடுப்பார்கள். படியின் ஆழம் 40 சென்டிமீட்டர், ஆகவே நொடிக்கு ஒன்றேகால் படி மேலே போகிறது. நொடிக்கு 150 கிலோவை 5.5 மீட்டர் உயரம் தூக்க 8 கிலோவாட் வேண்டும். கியர் இழப்பையும் உராய்வையும் சேர்த்தால் அடுத்த அளவு மோட்டார் 11.

நம் ஊர்க் கூட்டம் அப்படி நிற்பதில்லை. ஞாயிறு மாலை பிள்ளைகளும் பைகளுமாக வரும் குடும்பங்கள் படிக்கு ஒருவர் என்று நின்றாலே நல்ல நெரிசல்தான். அது மணிக்கு 4500 பேர். ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தால் தூக்கும் வேலை 5.1 கிலோவாட். கியரிலும் மோட்டாரிலும் 15 விழுக்காடு போகிறது என்று கொண்டால் அது 6 ஆகிறது. காலியாக ஓடும்போதே சங்கிலி, கைப்பிடி, உருளைகள் எல்லாம் தின்னும் சுமார் 2 கிலோவாட்டையும் கூட்டுங்கள். மின்சாரம் 8 கிலோவாட் உள்ளே போகிறது. அதில் 5.1 மனிதர்களோடு மேல்தளத்துக்கு ஏறிப்போய்விட்டது. அங்கேயே வெப்பமாவது 3-க்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

மின் பொறியியல் மாணவர், கிண்டி: ஏறியவர்களின் ஆற்றல் எங்கே போகும்? ஒருநாள் கட்டடத்துக்குள்ளேயே வெப்பமாகத்தானே மாறும்? அப்படியானால் 66 தானே சரி?

தம்பி, பாதி சரி. ஏறியவர்கள் இறங்கியாக வேண்டும்; அந்த ஆற்றல் இறங்கும் எஸ்கலேட்டரில்தான் வெளியே வருகிறது. ஆகவே அதை அங்கே எண்ண வேண்டும், ஏறும்போது எண்ணிவிட்டு இறங்கும்போதும் எண்ணக் கூடாது. இறங்கும் பக்கம் அதே கூட்டம் நின்றால், அவர்களின் எடையே படியை இழுக்கிறது. 5.1-இல் 2 உராய்வுக்குப் போக, மிச்சம் மோட்டாரைத் தள்ளுகிறது. மோட்டார் நேரடியாக மின்தடத்தோடு இணைந்திருந்தால், ஜெனரேட்டரைப் போல இரண்டரை கிலோவாட்டைத் திருப்பி அனுப்பிவிடும். அங்கே தங்கும் வெப்பம் இரண்டரைதான். ஆனால் வேகத்தை மாற்றும் டிரைவ் வைத்து, அது மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் வகையாக இல்லாவிட்டால், அந்த ஆற்றலை பிரேக்கிங் ரெசிஸ்டர் சூடாக்கி எரிக்கும். அப்போது 5.1 முழுதும் அங்கேயே வெப்பம்.

அம்பத்தூர் நண்பருக்கும் இதில்தான் விடை. முதல் வகையானால் ஆறுக்கும் சேர்த்து 16 கிலோவாட், நாலரை டன். ரெசிஸ்டர் வகையானால் 24 கிலோவாட், ஏழு டன்னுக்குச் சற்றுக் குறைவு. டிரைவ் எது என்று எஸ்கலேட்டர் தருபவரிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் 19-க்கும் உள்ள தூரம் பெரிது. அதே கூடத்தில் நடமாடும் 1500 பேர் ஆளுக்கு 130 வாட் வீதம் விடும் வெப்பம் 55 டன். உங்கள் கவனம் அங்கே இருக்கட்டும்.

பராமரிப்பு மேற்பார்வையாளர், வேளச்சேரி: காலியாக ஓடும்போது 2 கிலோவாட் என்கிறீர்கள். நான் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 9 ஆம்பியர் காட்டுகிறது. 415 வோல்ட்டில் ஆறரை கிலோவாட் வருகிறதே?

உங்கள் மீட்டர் பொய் சொல்லவில்லை, பெருக்கலில்தான் ஒன்று விட்டுப்போயிற்று. சுமையில்லாத மோட்டார் இழுக்கும் ஆம்பியரில் பெரும்பகுதி அதன் காந்தப்புலத்துக்குப் போவது. வேலையும் செய்யாது, பெரிதாக வெப்பமும் தராது. அந்த நிலையில் பவர் ஃபாக்டர் 0.3 அளவில் இருக்கும். ஆறரையை அதனால் பெருக்கினால் 2 வந்துவிடும். ஆம்பியர் மட்டும் காட்டும் மீட்டரை வைத்து எஸ்கலேட்டரின் வெப்பத்தைக் கணக்கிடாதீர்கள். கிலோவாட் காட்டும் மீட்டரை ஒரு ஞாயிறு மாலை முழுக்க மாட்டி வையுங்கள்.

கட்டடக் கலைஞர், அண்ணாநகர்: மூன்றாம் தளத்தில் திரையரங்குகள். ஒரே நேரத்தில் காட்சி முடிந்தால் 900 பேர் பத்து நிமிடத்தில் வெளியே வருவார்கள். தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் மணிக்கு 9000 என்று இருக்கிறது. ஒன்று போதுமா, வேகத்தைக் கூட்டலாமா?

அந்த 9000, படிக்கு இருவர் வீதம் ஒரு படிகூட காலியில்லாமல் நின்றால் வருவது. நான் அப்படி எங்கும் பார்த்ததில்லை. தரவிதியே இதற்கு 6000 என்றுதான் திட்டமிடச் சொல்கிறது. நான் 4500-க்கு மேல் நம்ப மாட்டேன். பத்து நிமிடத்தில் 750 பேர் இறங்குவார்கள், 150 பேர் மேலே தேங்குவார்கள். இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும் தேக்கம்தான், ஆனால் சதுர மீட்டருக்கு இருவர் என்றாலும் அவர்கள் நிற்க 75 சதுர மீட்டர் வேண்டும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது கீழ்முனை. மேலே தேங்குபவர் நிற்கலாம். கீழே தேங்கினாலும் படிகள் ஆட்களைக் கொண்டுவந்து தள்ளிக்கொண்டே இருக்கும். இறங்கும் இடத்தில் குறைந்தது இரண்டரை மீட்டர் ஆழம் காலியாக வேண்டும். தீபாவளிக்கு முன் ஒரு வளாகத்தில் சரியாக அந்த இடத்தில் பரிசுக் கூப்பன் மேசை போட்டிருந்தார்கள். இறங்கிய ஓர் அம்மா கூப்பனைப் பார்க்க நின்றார். பின்னால் வந்தவர் அவர் முதுகில் மோதினார், அவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர். நிறுத்தும் பொத்தானை நான்தான் அழுத்தினேன். அந்த இடத்தை வரைபடத்திலேயே "வாடகைக்கு அல்ல" என்று குறித்துவிடுங்கள்.

வேகத்தை 0.65-க்குக் கூட்டினால் அட்டவணைப்படி 7300. ஆனால் அதற்கு முனைகளில் 1.2 மீட்டர் சமதளப் படிகள் வேண்டும், 0.8 மீட்டரோடு வந்த இயந்திரத்தில் டிரைவை மட்டும் திருகி வேகம் ஏற்றக் கூடாது. தயங்கி நிற்பவர்களால் அட்டவணை எண்ணும் வராது. காட்சி முடியும் நேரங்களைக் கால் மணி இடைவெளியில் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

பல்பொருள் அங்காடி மேலாளர், வடபழனி: நாங்கள் அடித்தள வாகன நிறுத்தத்துக்குச் சாய்வான நகரும் நடைபாதை வைக்கிறோம். அதுவும் 6000 பேரா?

தள்ளுவண்டிகள் ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1200 என்று வையுங்கள். 12 பாகைச் சரிவில் 5 மீட்டர் இறங்க 24 மீட்டர் நீளம். ஓர் ஆளைத் தூக்கும் வேலை எஸ்கலேட்டரில் உள்ளதேதான்; ஆனால் நீளம் கூடுவதால் காலியாக ஓடும் இழப்பு கூடும், வெப்பமும் கூடும்.

கடை உரிமையாளர், தியாகராய நகர்: எங்கள் ஜவுளிக்கடையில் 4 மீட்டர் உயரம், ஏழரை கிலோவாட் மோட்டார். மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் ஏறினால் நின்றுவிடுகிறது. மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள் ஐயா. மேலே சொன்ன படிக்கு ஒருவர் கணக்கில் உங்கள் உயரத்துக்கு 3.7 கிலோவாட் போதும், இழப்பையும் உராய்வையும் சேர்த்தாலும் ஆறரைக்குள். மோட்டார் சிறியதல்ல. கட்டுப்பாட்டுப் பெட்டியில் கடைசிப் பிழைகளின் பட்டியல் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். பக்கத் தகட்டு ஸ்விட்சோ, சீப்புத் தகட்டு ஸ்விட்சோ இருந்தால், பெரிய பைகளும் சேலை நுனியும் உரசுவதுதான் காரணம். மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மோட்டார் வெப்பம் என்று இருந்தால் வேறு கதை. மோட்டார் மேல்முனைக் குழிக்குள் இருக்கிறது; சுற்றுவெப்பம் 40 பாகை என்று வைத்துச் செய்தது. உங்கள் மாடியில் கண்ணாடிக் கூரை இருக்கிறதா, குழியின் காற்றுத் துளைகளைத் துணி மூட்டை மறைக்கிறதா? நின்றவுடன் குழியில் வெப்பமானி வைத்து எழுதிக்கொள்ளுங்கள், அதையும் பிழைப் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். அதைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.